நீக்கிய கட்டணத்துக்கும் வரி வாங்கினீர்கள்: உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவக உரிமையாளர்களுக்கும் அவர்களது சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவருடைய உணவகத்தில் நாங்கள் ஆறு பேர் சாப்பிட்டோம். பில் 3,280 ரூபாய் வந்தது. அதில் 284 ரூபாய் சேவைக் கட்டணம். அதை எடுத்துவிடச் சொன்னேன். மேலாளர் வந்தார், பேசினார், கடைசியில் பேனாவால் அந்த இடத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே 2,996 என்று கையால் எழுதிக் கொடுத்தார். நான் கட்ட வேண்டிய தொகை 2,996 அல்ல, 2,982 என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் அவர் கேட்டது இதைத்தான்: “பதினாலு ரூபாய்க்கா சார் இவ்வளவு பேசுறீங்க?”

ஆமாம், அந்தப் பதினாலு ரூபாய்க்காகத்தான் இந்த மடல். சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்வது என் தொழில். இரண்டு உணவகங்களின் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினாலு ரூபாய் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் எழுந்து வர மனம் ஒப்பவில்லை.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்கிறேன். தமிழில் எழுதப்படும் வரிக்கும் அரசு வாங்கும் வரிக்கும் ஒரே பெயர். உங்கள் பில்லைப் பார்க்கிறவர்களின் குழப்பமும் ஏறக்குறைய இதேதான். பொருட்களின் விலைக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே, சின்ன எழுத்தில், சதவீதக் குறியோடு எது இருந்தாலும் அது அரசாங்கத்துக்குப் போகிற பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இந்த மடலில் பில்லில் அச்சாகும் ஒவ்வொன்றையும் வரிசை என்றும், அரசுக்குப் போவதை மட்டும் வரி என்றும் எழுதுகிறேன்.

அன்றைய பில் இதுதான். சாப்பிட்டவற்றின் விலை எல்லாம் சேர்ந்து 2,840 ரூபாய். அதற்கு அடுத்த வரிசையில் ‘எஸ்.சி. 10%’ என்று 284 ரூபாய். இரண்டும் சேர்ந்து 3,124. அதன் மேல் சிஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், 78 ரூபாய் 10 காசு. எஸ்ஜிஎஸ்டி இரண்டரை சதவீதம், இன்னொரு 78 ரூபாய் 10 காசு. ஆக 3,280 ரூபாய் 20 காசு. இருபது காசைக் கழித்து 3,280.

மேசையில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் அந்த 284-ஐயும் வரி என்றே நினைத்தார்கள். என் தங்கை பட்டதாரி, வங்கியில் வேலை பார்க்கிறாள். “எஸ்.சி.ன்னா ஸ்டேட் ஏதோ சார்ஜ்தானே அண்ணா?” என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். 2017 ஜூன் மாதம் வரை குளிர்சாதன வசதி உள்ள உணவகங்களின் பில்லில் ‘சேவை வரி’ என்ற உண்மையான வரி ஒன்று இருந்தது. கடைசி நாட்களில், செஸ் எல்லாம் சேர்த்து, பில் தொகையில் நாற்பது சதவீதத்தின் மேல் பதினைந்து சதவீதம், அதாவது மொத்தத்தில் ஆறு சதவீதம். அது அரசுக்குப் போனது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் சேவை வரி ஒழிந்தது. ஆனால் ‘சேவை’ என்று தொடங்கும் வரிசை பில்லில் இருந்தால் அது கட்டாயம் கட்ட வேண்டியது என்ற பழக்கம் மக்களிடம் தங்கிவிட்டது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் சேவைக் கட்டணம் இன்றும் வசூலாகிக்கொண்டிருக்கிறது. அதைச் சுருக்கி இரண்டு எழுத்தாக்கி, வரிகளுக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் அச்சடிக்கும்போது அந்தக் குழப்பத்தை நீங்கள் வளர்க்கிறீர்கள்.

சேவைக் கட்டணம் வரி அல்ல. அது உங்கள் உணவகத்தின் வருமானம். இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். 2022 ஜூலை 4-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பில்லில் தானாகச் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டணம் தர மறுத்தால் உள்ளே விட மாட்டோம், பரிமாற மாட்டோம் என்று சொல்லக் கூடாது. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. உணவு பில்லோடு இந்தக் கட்டணத்தைச் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி போட்டு வாங்கக் கூடாது என்கிறது அது. என் பதினாலு ரூபாய் இந்த ஐந்தாவதில்தான் இருக்கிறது.

அந்த நெறிகளை எதிர்த்து இரண்டு உணவக அமைப்புகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அதே ஜூலை 20-ஆம் தேதி நெறிகளுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. அந்தத் தடை இருந்த காலத்தைச் சொல்லி “நீதிமன்றமே அனுமதித்திருக்கிறது” என்று என்னிடம் சொன்ன மேலாளர்கள் பலர். சரி, அப்போது அதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் 2025 மார்ச் 28-ஆம் தேதி அதே நீதிமன்றம் இரண்டு மனுக்களையும் தள்ளுபடி செய்து, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. கட்டாயமாகச் சேவைக் கட்டணம் வாங்குவது சட்டத்துக்கு மாறானது என்று சொன்னது. இந்தப் பெயரே சேவை வரியோடும் ஜிஎஸ்டியோடும் சேர்ந்து மக்களைக் குழப்புகிறது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. வாடிக்கையாளர் தானாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸுக்குத் தடை இல்லை என்பதையும் அது தெளிவாக்கியது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் மேல்முறையீடு போட்டதாலேயே ஒரு தீர்ப்பு செல்லாமல் போய்விடாது. அன்று அந்த மேலாளர் என்னிடம் “கேஸ் நடந்துக்கிட்டிருக்கு சார், அதுவரைக்கும் வாங்கலாம்” என்று சொன்னது தவறு.

அப்புறம் அவர் மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘பத்து சதவீதம் சேவைக் கட்டணம் வசூலிக்கப்படும்’ என்று அடியில் அச்சாகியிருந்தது. “இதைப் படிச்சிட்டுத்தானே சார் ஆர்டர் கொடுத்தீங்க, அப்போ சம்மதம்தானே” என்றார். அறிவிப்பு வேறு, சம்மதம் வேறு. ‘வசூலிக்கப்படும்’ என்று எழுதியிருக்கும் வாக்கியத்தில் நான் சம்மதிக்கவோ மறுக்கவோ இடமே இல்லை. ‘விருப்பமிருந்தால் தரலாம்’ என்று எழுதி, பில் போடும் முன் ஒருவர் வந்து கேட்டிருந்தால் அது சம்மதம் கேட்பது. அப்படி யாரும் கேட்கவில்லை. பில்லில் முதலில் சேர்த்துவிட்டு, வேண்டாம் என்றால் சொல்லுங்கள் என்பது கேட்பதாகாது. குடும்பத்தோடு வந்தவர்கள் சர்வர் பக்கத்தில் நிற்கும்போது அதைச் சொல்லத் தயங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தை என் அம்மாவிடமே பார்த்தேன். “விடுடா, பசங்க நல்லாத்தானே பரிமாறினாங்க” என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இனி அந்தப் பதினாலு ரூபாய்.

ஜிஎஸ்டி சட்டத்தின்படி, விற்பவர் விற்பனையோடு சேர்த்து வாங்கும் எந்தத் தொகையும் விற்பனை மதிப்புக்குள் வரும். ஆகவே சேவைக் கட்டணத்தை பில்லுக்குள் நுழைத்துவிட்டால் அதன் மேலும் ஐந்து சதவீதம் வரி விழுந்தே தீரும். உங்கள் பில்லிங் மென்பொருள் அதைச் சேர்த்தது கணக்கில் பிழையல்ல. பிழை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. இருக்கக் கூடாத தொகை உள்ளே போனதால், அரசுக்குச் சேர வேண்டியிராத வரியும் அதோடு என் தலையில் ஏறியது. 284 ரூபாயின் மேல் ஐந்து சதவீதம் 14 ரூபாய் 20 காசு. பத்து சதவீதம் என்று நீங்கள் அச்சடித்த கட்டணம் சாப்பிட்டவருக்கு உண்மையில் பத்தரை சதவீதமாக விழுகிறது.

கட்டணத்தை எடுத்துவிட்டால் வரி 2,840 ரூபாயின் மேல் மட்டும் வர வேண்டும். சிஜிஎஸ்டி 71, எஸ்ஜிஎஸ்டி 71, ஆக 2,982. ஆனால் மேலாளர் அச்சான பில்லில் ஒரு வரிசையை மட்டும் பேனாவால் அடித்தார். அதன் கீழே வரி 78 ரூபாய் 10 காசாகவே இரண்டு முறை நின்றது. நான் கட்டாத கட்டணத்துக்கு வரி மட்டும் கட்டச் சொன்னார்கள்.

இது அவருடைய கவனக்குறைவு மட்டும் என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். பேனாவால் அடித்த பில் உங்கள் கணினியில் மாறுவதில்லை. அங்கே அது 3,280 ரூபாய் பில்லாகத்தான் இருக்கிறது. என் வங்கியிலிருந்து வந்தது 2,996 என்றால், இரவு கல்லாக் கணக்கு முடிக்கும்போது 284 ரூபாய் இடிக்கும். அதைத் தள்ளுபடி என்றோ மேலாளர் கணக்கு என்றோ ஏதோ ஒரு தலைப்பில் போட்டுச் சரிக்கட்டுவார்கள். வரி அப்படியே நிற்கும். மாதக் கடைசியில் அந்த 14 ரூபாய் 20 காசு அரசுக்குப் போனால், இல்லாத விற்பனைக்கு நான் வரி கட்டியதாக ஆகிறது. பிறகு யாராவது பில்லைத் திருத்தி வரியைக் குறைத்துக் காட்டினால், என்னிடம் வரி என்று வாங்கிய பணம் உணவகத்திலேயே தங்கிவிடுகிறது. இரண்டில் எது நடந்தாலும் என் கையில் இருக்கும் தாளும் உங்கள் கணக்கும் ஒத்துப்போகாது. ஒரு நாளைக்கு ஐந்து மேசைகள் கட்டணத்தை மறுத்தால் ஐந்து பில்கள் இப்படி. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி அடித்துத் திருத்திய பில்கள் பின்னால் உங்களுக்கே தலைவலி.

“பில் அடிச்சாச்சு, இனி சிஸ்டத்துல மாத்த முடியாது” என்று அவர் சொன்னார். முடியும். நான் பார்த்த ஒவ்வொரு பில்லிங் மென்பொருளிலும் பில்லை ரத்து செய்து காரணத்தைப் பதிந்து புது பில் போடும் வசதி இருக்கிறது. அதற்கு மேலாளரின் கடவுச்சொல் வேண்டும், அவ்வளவுதான். பணம் கட்டி முடிந்த பிறகு என்றாலும் அந்த பில்லில் கூடுதலாக வாங்கியதைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட் கொடுக்க ஜிஎஸ்டி சட்டம் வழி வைத்திருக்கிறது. அன்று பதினைந்து நிமிடம் கழித்து இன்னொருவர் வந்து, நான் சொன்னபடியே ரத்து செய்து புது பில் போட்டார். அதற்கு அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த மடலைச் சாப்பிடப் போகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உரிமையாளர்களே, உங்களுக்கு மறைக்க எதுவும் இல்லையென்றால் இதில் உங்களுக்கும் ஆட்சேபம் இருக்காது. சாப்பிடப் போகிறவர்களே, பில்லில் இருக்கும் சிஜிஎஸ்டி தொகையை நாற்பதால் பெருக்கிப் பாருங்கள். இரண்டரை சதவீதம் என்பது நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே பெருக்கி வருவது, எந்தத் தொகையின் மேல் வரி போட்டார்களோ அந்தத் தொகை. என் பில்லில் 78.10 × 40 = 3,124. சாப்பிட்ட பொருட்களின் கூட்டுத்தொகை 2,840. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது. அதற்குச் சேவைக் கட்டணம் என்று பெயர் இருக்கலாம், ஊழியர் பங்களிப்பு, ஊழியர் நல நிதி என்றும் இருக்கலாம். பெயர் எதுவானாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். புது பில் வந்த பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள். 71 × 40 = 2,840 என்று வந்தபோதுதான் நான் பணம் கட்டினேன். சில காசுகள் வித்தியாசம் வந்தால் அது காசை முழுமையாக்கியதால் வருவது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். தள்ளுபடி கொடுத்திருந்தால், அதைக் கழித்த பிறகு உள்ள தொகையோடு ஒப்பிட வேண்டும். பார்சல் கட்டணம் தனியாகப் போட்டிருந்தால் அதற்கும் வரி உண்டு என்பதால் அதையும் பொருட்களோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அறை வாடகை மிக அதிகமான பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் வரி பதினெட்டு சதவீதம். அங்கே மொத்த வரியைப் பதினெட்டால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

வாடிக்கையாளர்கள் எதையும் கேட்கலாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவு பெற்ற உணவகம் வாங்கும் ஐந்து சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. குளிர்சாதனம் இல்லாத பக்கம் உட்கார்ந்தேன், பார்சல்தான் வாங்கினேன், எனக்கு ஏன் வரி என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2017 நவம்பர் 15 முதல் அந்த வேறுபாடு கிடையாது. எங்கே உட்கார்ந்தாலும் ஐந்து சதவீதம்தான். மெனுவில் போட்ட விலை அதிகம் என்று பில் வந்த பிறகு வாதாடவும் முடியாது, விலையைப் பார்த்துத்தான் கேட்டோம். அடைத்து வரும் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதுகூட, உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்களில் செல்லும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். அதை நான் மதிக்கும்போது, மார்ச் 28 தீர்ப்பை நீங்களும் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஆனால் வரியிலேயே கேட்கக் கூடியது ஒன்று உண்டு. ஜிஎஸ்டி வாங்கும் பில்லில் பதினைந்து எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவு எண் இருந்தாக வேண்டும். முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாடு என்றால் 33. அந்த எண்ணை gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா, எந்த வகைப் பதிவு என்பது வரும். வகை என்ற இடத்தில் Composition என்று வந்தால் அந்த உணவகம் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. அவர்கள் தங்கள் விற்றுமுதலில் ஐந்து சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்பதை பில்லின் தலைப்பிலேயே அச்சடிக்கவும் வேண்டும். பதிவே இல்லாத சிறு கடைகளும் அப்படித்தான், அவர்கள் ஜிஎஸ்டி என்று எதையும் வாங்க முடியாது. பதிவு எண் இல்லாத தாளில் ‘ஜிஎஸ்டி 5%’ என்று வாங்கும் இடங்கள் இருக்கின்றன. உங்கள் சங்கங்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

ஊழியர்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க மாட்டேன், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் அவர்களைத்தான் முன்னால் நிறுத்துகிறீர்கள். அன்றும் “நீங்க எடுக்கச் சொல்றது முதலாளி பணத்தை இல்ல சார், இந்தப் பையன் பணத்தை” என்று மேலாளர் சொன்னார். அந்தப் பையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்தார். எனக்கு அந்த மாலை முழுவதும் கசந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

நான் கணக்குப் பார்த்த இரண்டு உணவகங்களும் சேவைக் கட்டணம் வாங்கின. ஒன்றில் மாதக் கடைசியில் மொத்தத் தொகையைப் புள்ளி முறையில் பிரித்தார்கள். சர்வருக்கு இத்தனை புள்ளி, சமையலறைக்கு இத்தனை, தட்டு கழுவுகிறவருக்கு இத்தனை என்று ஒரு பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்றில் உடைந்த தட்டு, தொலைந்த கரண்டி, மேலாளர்களின் ஊக்கத்தொகை எல்லாம் போக மிச்சம்தான் ஊழியர்களுக்கு வந்தது. சில மாதங்கள் மிச்சமே இல்லை. இரண்டு உணவகங்களின் பில்லிலும் அச்சானது ஒரே மாதிரி வரிசைதான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எது எதுவென்று தெரிய வழியே இல்லை. சேவைக் கட்டணம் உங்கள் வருமானக் கணக்கில் ஏறுகிறது. அதன் பிறகு அது எங்கே போக வேண்டும் என்பதை பில் முடிவு செய்வதில்லை, நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

ஊழியருக்கு நல்ல சம்பளம் தர வேண்டும் என்றால் அதற்கு நேரான வழி பொருட்களின் விலையில் இருக்கிறது. 2,840 ரூபாய்க்கு விற்றதை 3,124 ரூபாய்க்கு விற்க உங்களைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. மெனுவில் விலையைப் பார்த்து, முடிந்தால் உட்காருவோம், முடியாவிட்டால் எழுந்து போவோம். மெனுவில் ஒரு விலையைக் காட்டி, சாப்பிட்டு முடித்த பிறகு பத்து சதவீதம் கூட்டுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். நான் தனியாகச் சர்வர் கையில் கொடுக்கும் டிப்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது, உடைந்த தட்டுக்குப் பிடித்தமும் கிடையாது. அன்று புது பில்லைக் கட்டிவிட்டு, அந்தத் தம்பியைக் கூப்பிட்டு 300 ரூபாய் அவர் கையில் கொடுத்தேன். சேவைக் கட்டணத்தைவிட அது அதிகம். பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் வாதாடவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

உங்கள் பில்லிங் மென்பொருளில் சேவைக் கட்டணம் தானாக விழும்படி வைத்திருக்கும் அமைப்பை நிறுத்துங்கள். ‘வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம்’ என்பது போதாது. முதலிலேயே இருக்கக் கூடாது என்பதுதான் நெறி. எஸ்.சி., ஊழியர் பங்களிப்பு என்று எந்தப் பெயரில் இருந்தாலும் இது பொருந்தும். மெனுவின் அடியில் இருக்கும் அந்த வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள்.

யாராவது ஒரு வரிசையை எடுக்கச் சொன்னால் பேனாவைத் தொட வேண்டாம் என்று உங்கள் மேலாளர்களுக்குச் சொல்லுங்கள். பழைய பில்லை ரத்து செய்து, வரியைத் திரும்பக் கணக்கிட்டு, புது எண்ணோடு புது பில் கொடுக்க வேண்டும். அதற்கான கடவுச்சொல் பில் போடுகிற நேரத்தில் உணவகத்தில் இருக்கும் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். முதலாளி ஊரில் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்பது பதில் அல்ல.

கட்டணத்தைப் பற்றிக் கேட்கிறவர் முன் ஊழியரை நிறுத்திவைத்துப் பேசாதீர்கள். அவர் சம்பளம் உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ளது.

சங்க நிர்வாகிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். மேல்முறையீடு முடியும் வரை கட்டணத்தை வாங்கலாமா கூடாதா என்று உங்கள் உறுப்பினர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள், அந்தச் சுற்றறிக்கையை வெளியிலும் காட்டுங்கள். ஒவ்வொரு மேலாளரும் தனக்குத் தோன்றிய சட்டத்தைச் சொல்லும் நிலை உங்களுக்கும் நல்லதல்ல. ஜிஎஸ்டி பதிவே இல்லாமல் அந்தப் பெயரில் பணம் வாங்கும் உறுப்பினர்கள் இருந்தால் அவர்களை முதலில் நீங்களே கேளுங்கள்.

நான் சாப்பிட்ட உணவகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, கடைசியில் பில்லைத் திருத்திக் கொடுத்தார்கள் என்பதால். அடித்துத் திருத்திய முதல் பில்லின் படமும் இரண்டாவது பில்லும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த மாதம் அங்கே மீண்டும் போவேன். மெனுவிலும் பில்லிலும் அதே பத்து சதவீதம் இருந்தால், மேசையில் வாதாடாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்து, இரண்டு படங்களையும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்புவேன். அதற்கு முன் மாற்றிக்கொள்ள உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் உணவகங்களில் தொடர்ந்து சாப்பிட விரும்பும் ஒரு கணக்கர்